வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவது: ரேட்டும் கட்டணமும்

கேள்வி: "வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறேன். கட்டணமே இல்லை என்று சொல்லும் ஆப்பில்தான் அனுப்புகிறேன், ஆனாலும் நான் கணக்குப் போட்டதைவிடக் குறைவாகத்தான் போய்ச் சேருகிறது. ரேட் ஏறட்டும் என்று போன மாதம் காத்திருந்தேன், இன்னும் இறங்கிவிட்டது. மாதாமாதம் அனுப்புவது நல்லதா, இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து அனுப்புவதா?"

பணமாற்று நிறுவனம் ஒன்றில் பல வருடம் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னிக்கு ரேட் என்ன?" அடுத்த கேள்வி: "சார்ஜ் எவ்வளவு?" இரண்டுக்கும் பதில் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைப்பார்கள். "என் கையிலிருந்து மொத்தமாக இவ்வளவு தருகிறேன், அங்கே எவ்வளவு சேரும்?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டியது அது ஒன்றைத்தான். உங்கள் குழப்பத்தில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

அங்கே சேர்ந்த தொகையை, உங்கள் கையைவிட்டுப் போன மொத்தத் தொகையால் வகுத்துக்கொள்ளுங்கள். கட்டணம், வரி, கார்டுக்கான கூடுதல் பிடித்தம் எல்லாம் அந்த மொத்தத்துக்குள் வர வேண்டும். வருகிற எண்தான் உங்களுக்கு உண்மையில் கிடைத்த ரேட். இதை 'நிகர ரேட்' என்று வைத்துக்கொள்வோம்.

அதை எதோடு ஒப்பிடுவது? கூகுளில் இரண்டு நாணயங்களின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒரு ரேட் வருமே, கிட்டத்தட்ட அதுதான் சந்தையின் நடு ரேட். பெரிய வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ரேட்டிலேயே மாற்றித் தருகிறவர்கள் உண்டு, அவர்கள் தனியாகக் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள் அந்த ரேட்டில் கொஞ்சம் கிள்ளி எடுத்துக்கொண்டு மீதியை 'இன்றைய ரேட்' என்று பலகையில் போடுவார்கள். அந்தக் கிள்ளலுக்குத் தொழிலில் மார்ஜின் என்று பெயர். "கட்டணமே இல்லை" என்ற ஆப்பில் உங்கள் பணம் போனது அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் டாலரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு நாணயம் நடு ரேட்டில் டாலருக்கு 50. கையில் இருப்பது 500 டாலர், அதிலிருந்தே கட்டணமும் போக வேண்டும். ஒரு பைசா பிடித்தம் இல்லாமல் போனால் 25,000 சேரும்.

முதல் வழி ஒரு வங்கி. கட்டணம் 15 டாலர், ரேட் 49.25. மீதி 485 டாலர் மாறி 23,886 சேர்கிறது. இரண்டாவது, 'கட்டணமே இல்லை' ஆப். ரேட் 48.60. சேர்வது 24,300. மூன்றாவது ஓர் ஆப் வெளிப்படையாக 4.50 டாலர் கட்டணம் வாங்குகிறது, ரேட் 49.90. மீதி 495.50 டாலர் மாறி 24,725 சேர்கிறது. நிகர ரேட்டாகப் பார்த்தால் 47.77, 48.60, 49.45. சதவீதத்தில் சொன்னால் வங்கி வழியில் 4.5, இலவச ஆப்பில் 2.8, மூன்றாவதில் 1.1 போகிறது. வங்கி வழிக்கும் மூன்றாவதற்கும் இடையே மாதம் 839 வித்தியாசம், வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். உங்கள் இலவச ஆப்பில்கூட மாதம் 425 குறைகிறது, அதாவது எட்டரை டாலர். கட்டணம் வாங்கும் ஆப்பின் கட்டணத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதே கணக்கை 2,000 டாலருக்குப் போட்டால் வரிசை மாறும். வங்கி வழியில் 97,761 சேரும், இலவச ஆப்பில் 97,200. வங்கியின் 15 டாலர் பெரிய தொகையில் கரைந்துவிடுகிறது. ஆப்பின் மார்ஜின் தொகையோடு சேர்ந்தே வளர்கிறது. இந்த எடுத்துக்காட்டில் இரண்டும் சமமாகும் இடம் 1,137 டாலருக்குப் பக்கத்தில். அதனால் "எந்த ஆப் நல்லது?" என்று நண்பரிடம் கேட்டு அவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வதில் பயனில்லை. அவர் அனுப்பும் தொகைக்கு அது நல்லதாக இருக்கும். உங்கள் தொகைக்கு நீங்கள்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒப்பிடும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், பத்து நிமிடத்துக்குள், வேலை நாளில் பாருங்கள். அந்நியச் செலாவணிச் சந்தை வெள்ளிக்கிழமை நியூயார்க் மாலையோடு மூடி, திங்கள் காலை ஆசிய பசிபிக் பக்கம் விடியும்போதுதான் திறக்கிறது. இடையில் ரேட் எங்கே திறக்குமோ என்ற பயத்தில் சில நிறுவனங்கள் சனி, ஞாயிறு மார்ஜினைக் கூட்டி வைப்பார்கள். இன்னொன்று, முதல் தடவை அனுப்புகிறவருக்குக் காட்டும் சலுகை ரேட். பெரிதாக ஒரு ரேட்டும் கீழே சிறிய எழுத்தில் 'முதல் 500 வரை' என்பதும் இருக்கும். இரண்டாவது மாதம் என்ன ரேட் என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். மாதாமாதம் அனுப்புகிறவருக்கு முதல் மாதச் சலுகை ஒரு பொருட்டே அல்ல.

ஒவ்வோர் ஆப்பாகப் போய்ப் பார்க்க நேரமில்லை என்றால் உலக வங்கி நடத்தும் remittanceprices.worldbank.org தளத்தில் அனுப்பும் நாடு, பெறும் நாடு இரண்டையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். நிறுவனம் வாரியாகக் கட்டணத்தையும் மார்ஜினையும் சேர்த்து மொத்தச் செலவு என்ன சதவீதம் என்று போட்டிருப்பார்கள். தகவல் காலாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படுவது. அன்றைய ரேட்டுக்கு அது உதவாது, யார் எந்த வகை என்று தெரிந்துகொள்ள உதவும். 200 டாலர் அனுப்ப உலக அளவில் சராசரியாக 6 சதவீதத்துக்கும் மேல் செலவாவதாகத்தான் அந்தப் புள்ளிவிவரங்கள் சில வருடங்களாகச் சொல்லி வருகின்றன. 2030-க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. உங்கள் செலவு 3-க்கு மேல் இருந்தால், உங்கள் வழித்தடத்தில் இதைவிட மலிவான வழி இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

பணத்தை எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். கிரெடிட் கார்டில் கட்டினால் பல வங்கிகள் அதை ரொக்கம் எடுத்ததாகவே எடுத்துக்கொண்டு, தனிக் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் போடும். அந்தப் பிடித்தம் ஆப்பின் ரசீதில் வராது, கார்டு பில்லில்தான் வரும். அமெரிக்காவிலிருந்து ரொக்கமாகக் கொடுத்து அனுப்பினால் 2026 தொடக்கத்திலிருந்து 1 சதவீத வரியும் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்தோ அங்கேயே வழங்கப்பட்ட கார்டிலிருந்தோ அனுப்பினால் இல்லை. ஆக, முடிந்தவரை வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டுங்கள். அந்தப் பக்கமும் ரொக்கமாக எடுப்பதைவிடக் கணக்கில் வரவு வைப்பது பெரும்பாலும் மலிவு.

வங்கிகள் ஒன்றுக்கொன்று பணம் அனுப்பும் செய்தியைப் பரிமாறிக்கொள்ளும் வலையமைப்பான ஸ்விஃப்ட் வழியாக, வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு ஓட்டை இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கவுண்டரில் அதிகமாக வந்த புகார் இதுதான்: "நான் 500 அனுப்பினேன், அங்கே 480-தான் வந்திருக்கிறது, யார் எடுத்தது?"

உங்கள் வங்கிக்கும் வீட்டு வங்கிக்கும் நேரடிக் கணக்கு உறவு இல்லையென்றால் நடுவில் ஒரு வங்கியோ இரண்டோ வரும். அவை தங்கள் கூலியைப் போகிற பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். அனுப்பும் படிவத்தில் OUR, SHA, BEN என்று மூன்று இருக்கும். OUR என்றால் வழியில் ஆகும் செலவு முழுவதும் உங்களுடையது. SHA என்றால் உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுக்கு, மற்றது பெறுகிறவருக்கு. BEN என்றால் எல்லாமே பெறுகிறவர் தலையில். பல வங்கிகளில் எதையும் தொடாமல் விட்டால் SHA-தான் தேர்வாகியிருக்கும். புதிய செய்தி முறைக்கு மாறிய வங்கிகளின் ஆவணத்தில் இதே மூன்றும் DEBT, SHAR, CRED என்று வரும்.

அதோடு போகவில்லை. நீங்கள் டாலராகவே அனுப்பினால் வீட்டு நாணயமாக மாற்றுவது அந்தப் பக்க வங்கி. அவர்கள் ரேட் என்ன என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியாது. 500 டாலர் அனுப்ப 15 டாலர் கட்டணம் தனியாகக் கட்டி, நடுவில் 20 டாலர் போய், மீதி 480-ஐ அந்த வங்கி 48.90-க்கு மாற்றினால் கணக்கில் 23,472 விழும். உங்கள் கையைவிட்டுப் போனது 515 டாலர். நிகர ரேட் 45.58. கிட்டத்தட்ட 9 சதவீதம் காணாமல் போயிருக்கிறது, அதுவும் மூன்று பேரிடம் பிரிந்து. யாரைக் கேட்டாலும் "எங்கள் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்பார்கள். அவரவர் அளவில் அது உண்மையும்கூட.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. வீட்டில் இருப்பவரிடம் வங்கி தரும் வரவுச் சீட்டையோ கணக்கு அறிக்கையின் அந்த வரியையோ படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எவ்வளவு டாலராக வந்தது, எவ்வளவு வரவு வைத்தார்கள் என்ற இரண்டு எண்கள் போதும். முதல் எண் நீங்கள் அனுப்பியதைவிடக் குறைவாக இருந்தால் வெட்டு வழியில் விழுந்திருக்கிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் அந்த வங்கி தந்த ரேட் வரும். அன்றைய நடு ரேட்டோடு வைத்துப் பார்த்தால் அவர்கள் கிள்ளியது தெரிந்துவிடும். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று தனித்தனியாக வேண்டுமென்றால் உங்கள் வங்கியிடம், அந்தப் பணத்தை அனுப்பச் சொல்லி அது அனுப்பிய MT103 என்ற ஸ்விஃப்ட் செய்தியின் நகலையோ, புதிய முறை என்றால் அதற்கு இணையான pacs.008 செய்தியின் நகலையோ கேளுங்கள். அதில் UETR என்று 36 எழுத்துகளில் ஒரு நீண்ட எண் இருக்கும். பணம் இப்போது எந்த வங்கியில் நிற்கிறது, வழியில் என்ன பிடித்தார்கள் என்பதை அந்த எண்ணை வைத்து வங்கி பார்த்துச் சொல்ல முடியும். கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், எண்ணை எழுதிக் கொடுத்தால் உள்ளே யாராவது பார்ப்பார்கள்.

சிறு தொகைக்கு ஸ்விஃப்ட் வழியே வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு பக்கமும் உள்ளூர்க் கணக்குகள் வைத்துக்கொண்டு, இங்கே வாங்கி அங்கே உள்ளூர் வழியில் வரவு வைக்கிற நிறுவனங்களில் இந்த நடுவழி வெட்டு இருக்காது. வேறு வழியில்லாமல் ஸ்விஃப்டில்தான் அனுப்ப வேண்டும் என்றால் இங்கேயே வீட்டு நாணயமாக மாற்றி அனுப்ப முடியுமா என்று கேட்டு, இரண்டு ரேட்டையும் ஒப்பிடுங்கள்.

இப்போது சேர்த்து அனுப்பும் கேள்விக்கு வருவோம். மேலே போட்ட அதே மூன்று வழிகளில் மூன்று மாதத்துக்குச் சேர்த்து 1,500 டாலர் அனுப்பினால் என்ன ஆகும்? வங்கி வழியில் மூன்று தடவையாகப் போனால் மொத்தம் 71,659, ஒரே தடவையாகப் போனால் 73,136. இரண்டு சதவீதம் மிச்சம். இலவச ஆப்பில் மிச்சம் பூஜ்யம், அங்கே நிலையான கட்டணமே இல்லையே. மூன்றாவது ஆப்பில் 449 மிச்சம், சதவீதத்தில் 0.6. அந்த ஆப்பின் கட்டணம் தொகைக்கேற்பக் கூடுவதாக இருந்தால் அதுவும் குறையும். மூன்றாவது ஆப்பில் மாதாமாதம் அனுப்பினாலே மொத்தம் 74,176 சேர்கிறது. வங்கியில் மூன்று மாதம் காத்திருந்து சேர்த்து அனுப்பியதைவிட அது ஆயிரத்துக்கும் மேல் அதிகம். சேர்த்து அனுப்புவதில் கிடைக்கும் லாபத்தை வழியை மாற்றுவதிலேயே அதிகமாக எடுத்துவிடலாம், வீட்டையும் காக்க வைக்க வேண்டியதில்லை. அந்த மூன்று மாதத்தில் வீட்டில் கைமாற்றோ கடனோ வாங்கினால், மிச்சம் பிடித்ததெல்லாம் வட்டிக்குப் போய்விடும். நிலையான கட்டணம் அதிகமாக உள்ள வழி ஒன்றுதான் கிடைக்கிறது, வீட்டிலும் அவசரமில்லை என்றால் மட்டும் சேர்த்து அனுப்புங்கள்.

சரி, ரேட் ஏற்ற இறக்கம். இதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது: அடுத்த மாதம் ரேட் எங்கே போகும் என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம், அது உங்கள் மனமாக இருந்தாலும். 1983-இல் ரிச்சர்ட் மீஸ், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பொருளியலாளர்கள் அப்போதைய பெயர்பெற்ற நாணயமாற்றுக் கோட்பாடுகளை எல்லாம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் வரையிலான காலத்துக்கு, 'இன்றைய ரேட்டே நாளைக்கும்' என்று சும்மா சொல்வதைவிட அவை எதுவும் மேலாகக் கணிக்கவில்லை. அதன்பிறகு எத்தனையோ பேர் முயன்றும் குறுகிய காலத்துக்கு அந்த முடிவை ஆட்டுவது கடினமாகவே இருக்கிறது. ஆகையால் காத்திருப்பது ஒரு சூது. நீங்கள் போன மாதம் தோற்றீர்கள், வேறொரு மாதம் ஜெயித்திருப்பீர்கள். ஜெயித்த மாதம் நினைவில் தங்கிவிடும், அதுதான் ஆபத்து.

ரேட் எந்தப் பக்கம் போகும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, போகும்போது அடி யார்மேல் விழ வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மாதம் இத்தனை டாலர் என்று நிலையாக அனுப்பினால் ஏற்ற இறக்கம் வீட்டில் விழும். வீட்டு நாணயத்தில் இத்தனை என்று நிலையாக அனுப்பினால் உங்கள்மேல் விழும். பெரும்பாலானவர்கள் இரண்டாவதைச் செய்கிறார்கள், வீட்டில் கேட்பது அந்தக் கணக்கில்தானே. அதில் ஒரு சின்ன நஷ்டம் ஒளிந்திருக்கிறது. மூன்று மாத நிகர ரேட் 46, 50, 54 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 450 டாலர் நிலையாக அனுப்பினால் 1,350 டாலருக்கு 67,500 சேரும். மாதம் 22,500 சேர வேண்டும் என்று அனுப்பினால் அதே 67,500-க்கு 1,356 டாலர் போகும். ரேட் மோசமாக இருக்கும் மாதத்தில் அதிக டாலரை மாற்றுகிறீர்கள், நன்றாக இருக்கும் மாதத்தில் குறைவாக மாற்றுகிறீர்கள், அதுதான் காரணம். ஆறு டாலர் பெரிய தொகை இல்லைதான், ஆனால் ரேட் எவ்வளவு அதிகம் ஆடுகிறதோ அவ்வளவு கூடும்.

அதனால் டாலரில் நிலையாக அனுப்புங்கள், ஆடுவதைத் தாங்க வீட்டுப் பக்கம் ஒரு கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். எப்படி என்று பார்ப்போம். வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மருந்து, சாப்பாடு என்று தள்ளிப்போட முடியாத செலவு மாதம் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆப்பில் 450 டாலர் அனுப்பினால் இன்றைய நிலையில் 22,230 சேரும். வீட்டுச் செலவு போக மீதி 2,230 தனிக் கணக்குக்குப் போக வேண்டும். இந்த 450 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. நடு ரேட் 50-லிருந்து பத்து சதவீதம் இறங்கி 45 ஆனாலும், அதே ஆப்பில் 20,007 சேரும். அதாவது பத்து சதவீத இறக்கத்துக்கு வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது, கையிருப்புக்குப் போவது மட்டும் நின்றுபோகும். இன்னும் இறங்கி 42 ஆனால் 18,674 சேரும், குறைவது 1,326. ஒன்பது மாதத்தில் சேர்ந்த 20,000 கையிருப்பு அந்தக் குறையை ஒரு வருடத்துக்கும் மேல் தாங்கும். அதற்குள் எத்தனை டாலர் அனுப்புவது என்பதை நிதானமாக மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு வீட்டில் இருப்பவரிடம் ஒருமுறை பேசிவிடுவது முக்கியம். "இந்த மாசம் ஏன் அதிகமா வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு அந்த மாதமே செலவழித்துவிட்டால் திட்டம் அங்கேயே முடிந்தது. வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்கு, கையிருப்புக்கு வேறு கணக்கு என்று பிரித்து, ஒவ்வொரு மாதமும் முதலில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை எண்ணாகவே சொல்லிவிடுங்கள்.

கையிருப்பை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் ஒரு விதிவிலக்கு உண்டு. மேலே சொன்னது வீட்டு நாணயம் ஏறியும் இறங்கியும் ஆடுகிற நாடுகளுக்கு. வருடா வருடம் விலைவாசி கடுமையாக ஏறி நாணயம் ஒரே பக்கமாகத் தேய்கிற இடமென்றால் அங்கே பணத்தைச் சேர்த்து வைப்பது உருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மாதச் செலவை மட்டும் அங்கே வைத்து, மீதியை உங்கள் பக்கம் உங்கள் நாணயத்திலேயே வைத்திருங்கள். அங்கே ரேட் ஏறினால் லாபம் என்று துள்ளவும் வேண்டாம். டாலருக்கு அதிகம் கிடைக்கிறது என்றால் கொஞ்ச காலத்தில் இறக்குமதிப் பொருள்கள் வழியாக வீட்டில் விலையும் ஏறும். 20,000 என்று வைத்த அத்தியாவசியச் செலவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

நாணயத்தை அரசு ஒரே ரேட்டில் கட்டி வைத்திருக்கும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். உங்கள் சம்பள நாணயம் அப்படி என்றால் பிரச்சினை இல்லை, எதோடு கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். அமீரக திர்ஹாம் 1997-லிருந்து டாலருக்கு 3.6725, சவூதி ரியால் 1986-லிருந்து 3.75. திர்ஹாமில் சம்பளம் வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய ரேட் டாலருக்கும் வீட்டு நாணயத்துக்கும் இடையிலானது. கட்டி வைத்திருப்பது வீட்டு நாணயம் என்றால் கதை வேறு. நெடுநாள் அசையாமல் இருந்து ஒரே நாளில் விழும். எகிப்து பவுண்டு 2024 மார்ச் 6-ஆம் தேதி டாலருக்கு 31 அளவிலிருந்து 50-ஐ ஒட்டிப் போனது. அதற்கு முன்பு அங்கே வெளிச்சந்தை ரேட் வங்கி ரேட்டைவிட மிக உயரத்தில் இருந்தது. அப்படி இரண்டு ரேட் தெரிய ஆரம்பித்தால் அந்தக் கட்டு தாங்காது என்று சந்தை நினைக்கிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் பெரிய தொகையை மொத்தமாக மாற்றாமல் மாதத் தேவைக்கு மட்டும் மாற்றுங்கள். வெளிச்சந்தை ரேட் ஆசையில் தனியாள் மூலம் கொடுத்தனுப்புவதை நான் சொல்ல மாட்டேன். பல நாடுகளில் அது சட்டவிரோதம். கொடுத்ததற்கு ரசீது கிடையாது, யாரோ ஒருவர் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு வரும் பணம் வேறு வழக்கில் சிக்கினால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

ரேட்டைப் பார்க்காமல் இருக்கவே முடியாது என்றால், பார்ப்பதற்கு ஓர் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். சம்பளம் வந்த நாளிலிருந்து ஐந்து வேலை நாள். முந்தைய முப்பது நாள் சராசரி ரேட்டை ஆப்பில் எச்சரிக்கையாக வைத்துவிடுங்கள். இடையில் அதைத் தொட்டால் அன்றே அனுப்புங்கள். தொடவில்லை என்றால் ஐந்தாம் நாள் என்ன ரேட்டோ அதில் அனுப்புங்கள், மறுபேச்சு கிடையாது. இதனால் அதிக லாபம் வரும் என்று நான் சொல்லவில்லை. காத்திருப்பு மூன்று வாரமாக நீளாமல் இருக்கும், வீட்டுக்கும் எந்த வாரம் பணம் வரும் என்று தெரியும். பணம் கட்டி முடிக்கும்வரை ரேட்டைப் பிடித்து வைக்கும் வசதி சில ஆப்களில் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாள்வரை இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அது இல்லாத இடத்தில், உங்கள் வங்கியிலிருந்து பணம் போய்ச் சேர்ந்த நேரத்து ரேட்தான் கணக்கு. மாலையில் கட்டி மறுநாள் வேறு ரேட்டில் மாறியிருப்பதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கு வருகிறவர்கள் நிறைய. அடுத்த ஆறு மாதத்துக்கு இப்போதே ரேட்டைப் பேசி முடிக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தமும் உண்டு, ஆனால் அது வீடு வாங்குவது போன்ற பெரிய தொகைக்கு. மாதம் 450 டாலருக்குத் தரமாட்டார்கள், தந்தாலும் அந்த மார்ஜினில் கட்டுப்படியாகாது.

தானாக மாதாமாதம் போகும்படி அமைத்துவிட்டீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. அமைத்த அன்று நன்றாக இருந்த மார்ஜின் அப்படியே இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் பார்க்காமல் விட்டது தெரிந்தால் அது மெல்ல அகலும். ஒரே மாதத்தில் 0.4 சதவீதத்திலிருந்து 2 ஆக ஏறினால் கண்ணில் படும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் ரேட் இறக்கம் என்றே நினைத்துக்கொள்வீர்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க, அனுப்பும் ஒவ்வொரு தடவையும் கையைவிட்டுப் போன தொகை, அங்கே சேர்ந்த தொகை, அந்த நிமிடத்து நடு ரேட் மூன்றையும் ஒரு தாளிலோ எக்செலிலோ ஒரே வரியில் குறித்து வையுங்கள். நிகர ரேட்டும் நடு ரேட்டும் சேர்ந்தே இறங்கினால் அது சந்தை, செய்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அகன்றால் அது உங்கள் நிறுவனம். அடுத்த மாதம் அனுப்பும் முன் மற்ற இரண்டு மூன்று இடங்களில் அதே தொகையைப் போட்டுப் பாருங்கள். இப்போது நீங்கள் அனுப்பும் இலவச ஆப்பில் கடைசி மூன்று ரசீது இருக்குமே, அவற்றிலிருந்தே முதல் மூன்று வரிகளை இன்றைக்கே எழுதிவிடலாம். அந்தந்தத் தேதி நடு ரேட்டைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி இணையத்தில் பல இடங்களில் இருக்கிறது.